சோமவாரக் கறிக்கு ஒரு மன்னிப்பு

நிம்மிக்குக் கோபம் வந்தால் சத்தமே வராது. எனக்கு வந்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். எங்கள் இரண்டு பேரில் யார் ஆபத்தான ஆள் என்று கேட்டால், ஊரில் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். அட மக்குகளே, அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

நான் ஜூடித். மைசூர் என்.ஆர். மொஹல்லாவில் இருக்கிற பாப்பம்மா மிலிட்டரி ஓட்டலில் ஒன்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் கறிச்சோற்றுக் கடைக்கு மிலிட்டரி ஓட்டல் என்றுதான் பெயர். ராகிக் களி, தலைக்கறி, கைமா உருண்டை, நாட்டுக்கோழிச் சாறு. அடுப்படியில் பாப்பம்மாள், மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஹனூர்க்காரி, எங்களுக்குப் பாப்பக்கா. வெளி வேலையெல்லாம் அவர் மகன் சுப்பையா. நிம்மி என் சர்ச்சுக்காரி, எனக்கு நாலு வயசு சின்னவள். அவளை இந்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

அவள் இங்கே வருவதற்கு முன்னால் ஒரு கால் சென்டரில் இருந்தாள். அங்கே அவளுக்கு மேலே இருந்தவன் முரளிதரன். ஒருநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். மனைவிக்காக ஆர்டர் செய்த சக்கர நாற்காலி பதினெட்டு நாள் தாமதமாக வந்தது. அதற்குள் மனைவி போய்விட்டார். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார் மனுஷன். கம்பெனி எழுதிக் கொடுத்த வசனப்படி நிம்மி, "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா, இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று முடித்திருக்க வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை. "ஐயா, அதை வாசல்ல எடுத்து வெச்சிடுங்க. நீங்க மறுபடி யாருக்கும் போன் பண்ண வேண்டாம். நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் முரளிதரன் அந்தப் பேச்சை நாற்பது பேர் முன்னால் ஓடவிட்டான். சிரித்தான். பிறகு அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்பதை முப்பது தடவை சொல்ல வைத்தான். எண்ணுவதற்கு ஒரு ஆளையும் நிறுத்தியிருந்தான். அந்த மாசமே வேலையும் போனது. 'வாடிக்கையாளரோடு பேசத் தகுதியில்லாதவர்' என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தான் பாவி. அந்தக் கடிதத்தைப் பார்த்த எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடவில்லை. மகள் நிக்கோலை வருட நடுவில் பள்ளி மாற்ற வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது நிம்மி அழவில்லை. "அவனை நான் பார்த்துக்கறேன் ஜூடிக்கா" என்று மட்டும் சொன்னாள். எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஓட்டலில் அவளுக்குப் பார்சல் ஆர்டர் எடுக்கிற வேலை. கூகுளில் வருகிற விமர்சனங்களுக்குப் பதில் எழுதுகிற வேலையையும் சுப்பையா அவளிடம் தள்ளினான். அவள் உடனே எழுதவில்லை. இரண்டு வாரம் அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாப்பக்கா வாடிக்கையாளர்களோடு எப்படிப் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாப்பக்கா யாரையும் சார் என்று சொல்ல மாட்டார். எல்லோரும் "சாமி"தான். தப்பு நடந்தால் சுற்றி வளைக்க மாட்டார். "உப்பு தூக்கிருச்சு சாமி, என்ற கைதான், வேற கொண்டாரேன்" என்பார், அவ்வளவுதான். அந்தப் பேச்சைத்தான் நிம்மி எழுத்தில் பிடித்தாள். கன்னடத்தில் குறை சொன்னவருக்குக் கன்னடம், இங்கிலீஷ்காரருக்கு இங்கிலீஷ், தமிழருக்குத் தமிழ். எந்த மொழியில் எழுதினாலும் அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு பாப்பக்கா எட்டிப் பார்ப்பது தெரியும்.

ஒருத்தர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, களி கல்லு மாதிரி இருந்தது, கேட்டதற்குப் பரிமாறினவர் முறைத்தார் என்று எழுதினார். எனக்கு வந்த கோபத்துக்கு, "பல்லு இருக்கிறவங்க வாங்க" என்று எழுதச் சொன்னேன். நிம்மி காதிலேயே வாங்கவில்லை. நேரே பரிமாறுகிற கரியப்பனிடம் போனாள். "முறைச்சீங்களாண்ணே?" என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம்தான் எழுதினாள்.

"நீங்க சொன்னது சரி சாமி. அன்னிக்கு ரெண்டு மணிக்கு மேல களி ஆறிப்போச்சு, அதை அப்படியே இலையில வெச்சது எங்க தப்பு. கேட்டவங்களை முறைச்சது அதைவிடத் தப்பு. இப்போ ரெண்டு மணிக்குப் புதுசாக் கிண்டுறோம். இன்னொரு தடவை வந்து பாருங்க. ஆறியிருந்தா என்னையே கூப்பிடுங்க, அடுப்படியிலதான் நிப்பேன். பாப்பம்மா."

அந்த ஆள் பத்தாம் நாள் வந்தார். களி தின்றார். அங்கேயே உட்கார்ந்து நட்சத்திரத்தை நாலாக்கிவிட்டுப் போனார். "நான் அவருக்காக மட்டும் எழுதலை ஜூடிக்கா. சாப்பிட வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இதைப் படிக்கிறவங்க இருக்காங்க இல்ல, அவங்களுக்கும்தான்" என்றாள் நிம்மி. இலவசமாகச் சாப்பாடு தருகிறோம் என்று எந்தப் பதிலிலும் எழுத மாட்டாள். எழுதினால் நாளைக்கு ஊரே குறை சொல்லும்.

பாப்பக்கா போட்டது ஒரே சட்டம்தான். "என்ற பேர்ல போறது என்ற காதுல விழோணும்." அதனால் தினம் நாலு மணிக்கு, பாத்திரம் கழுவி முடிந்ததும், வந்த விமர்சனங்களையும் தன் பதில்களையும் நிம்மி வாசித்துக் காட்டுவாள். பாப்பக்கா வெற்றிலை மென்றுகொண்டே தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் பதில் ஏறும். மூன்று வருடம் இப்படியே போனது.

இந்தத் தசராவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஒற்றை நட்சத்திரங்கள் வர ஆரம்பித்தன. படமில்லாத பெயர்கள். இரண்டு வாரத்தில் ஏழு. 4.4 என்று இருந்தது 4.1க்கு இறங்கியது. சுப்பையாவுக்குத் தூக்கம் போயிற்று. தசராவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அந்த நம்பரைப் பார்த்துத்தான் படியேறுவார்கள்.

நிம்மி அதில் ஒன்றை எனக்குக் காட்டினாள். "பாருங்க ஜூடிக்கா. கோழி வேகலைன்னு எழுதிட்டு, கடைசியில 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல் ஆன் பிரையாரிட்டி'ன்னு போட்டிருக்கு. கோழி தின்னவன் எவனாவது இப்படி ஆபீஸ் மெயில் பாஷையில எழுதுவானா?"

"யாரு எழுதுவா?"

"ஒருத்தன் எழுதுவான். கால் சென்டர்ல இருந்தப்போ தினமும் எனக்கு எழுதியிருக்கான்."

பொய் விமர்சனம் என்று கூகுளுக்குப் புகார் செய்தாள். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலாம் நாள் மத்தியானம் ஒருத்தன் சென்ட் வாசனையோடு உள்ளே வந்து, முரளிதரன் என்று போட்ட கார்டைச் சுப்பையாவிடம் நீட்டினான். இப்போது ஓட்டல்களுக்கு இணையத்தில் நல்ல பெயர் வாங்கித் தருகிற கம்பெனி நடத்துகிறானாம். "உங்க ரேட்டிங் விழுந்துட்டு இருக்கு சார், கவனிச்சீங்களா?" என்றான். விழ வைத்தவனுக்குத் தெரியாதா?

நிம்மியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "ஓ, நிம்மி! இங்கதானா?" என்று சொல்லிவிட்டு, சுப்பையா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். "எங்ககிட்ட இருந்தவங்கதான். நல்ல பொண்ணு. ஆனா கஸ்டமர் விஷயம் கொஞ்சம்… நாங்களே அனுப்ப வேண்டியதாப் போச்சு."

நான் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டேன். நிம்மி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சுப்பையா மசிந்துவிட்டான். ஒரு வாரம் இலவசமாக எழுதிக் காட்டட்டும், பிடித்தால் சனிக்கிழமை ஒப்பந்தம் என்று பேச்சாயிற்று. ஒப்பந்தம் போட்டால் நிம்மிக்கு வேலை இல்லை. அதைச் சுப்பையாவே அவளிடம் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே. அம்மாவிடம் ஏதேதோ சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தான். "எல்லாம் கம்ப்யூட்டர் விசயமாமா, எனக்கென்ன தெரியும்" என்று பாப்பக்கா வெற்றிலையைத் துப்பினார்.

"சரிண்ணே" என்றாள் நிம்மி. பதில் எழுதுகிற உரிமையை அவன் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தாள். மாற்றுவதற்கு முன்னால் பாக்கியிருந்த விமர்சனங்களுக்கெல்லாம் பதில் எழுதினாள். மூன்றை மட்டும் விட்டாள். அன்று நாலு மணிக்குப் பாப்பக்காவிடம் வாசித்துக் காட்டியபோதும் அந்த மூன்றை வாசிக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றும் ஒற்றை நட்சத்திரம். போன திங்கட்கிழமை மட்டன் கெட்டுப்போய் இருந்தது, திங்கட்கிழமை மதியம் தலைக்கறியில் முடி கிடந்தது, இப்படி.

"அடிப்பாவி! திங்கட்கிழமை நம்ம கடையே கிடையாதே!"

"ஆமா."

ஹனூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சோமவாரம் மாதப்பன் நாள். மலை மாதேஸ்வரனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். பாப்பக்கா வீட்டில் அன்று கறி ஆக்குவதென்ன, கறிச் சட்டியைத் தொடக்கூட மாட்டார்கள். முப்பது வருடமாகத் திங்கட்கிழமை எங்கள் கதவு பூட்டித்தான் கிடக்கும். எழுதினவன் ஒரு தடவையாவது வந்து பார்த்திருந்தால்தானே!

"இதைச் சுப்பையாகிட்ட காட்டுடி. இப்பவே அவன் சாயம் வெளுத்துடும்."

"காட்டினா? யாரோ பொய்யா எழுதியிருக்காங்கன்னு சொல்வார். அவன்தான் எழுதினான்னு எப்படிக் காட்டுறது?" போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இதுக்கு அவனே பதில் எழுதட்டும் ஜூடிக்கா. அவங்க எப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். படிக்க மாட்டாங்க. சொன்ன குறையை அப்படியே எடுத்து நடுவுல செருகுவாங்க, பார்த்துப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும்னு."

இது எங்கே போய் முடியுமோ என்று இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மறைப்பானேன்?

புதன்கிழமை மாலை பதில்கள் ஏறின. "அன்பார்ந்த விருந்தினரே, திங்கட்கிழமை தங்களுக்குப் பரிமாறப்பட்ட மட்டன் தரமின்றி இருந்தமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். எங்கள் சமையல் குழுவுக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டுள்ளது. இனி திங்கட்கிழமைகளில் மேலும் சிறந்த மட்டனை எதிர்பார்க்கலாம்." எல்லாம் இங்கிலீஷில்தான், இதே மாதிரி மொத்தம் மூன்று. மட்டன் என்ற இடத்தில் ஒன்றில் மட்டும் தலைக்கறி. மூன்றுக்கும் கீழே ஓட்டலின் பெயர்.

வெள்ளிக்கிழமை காலை லிங்கம்மா வந்தார். ஹனூர்க்காரர், பாப்பக்காவுக்குத் தூரத்துச் சொந்தம், மார்க்கெட்டில் பூக்கடை. தங்கள் ஊர்க்காரர் வாட்ஸப் குழுவில் வந்த படத்தை அவர் பேரன் காட்டியிருக்கிறான். வாசல் படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"பாப்பக்கா, சோமவாரத்துல கறி ஆக்கி விக்கறயாமா? உன்ற ஓட்டல்லயே மன்னிப்புக் கேட்டு எழுதிருக்குதாமா?"

பாப்பக்கா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆரு சொன்னது?"

லிங்கம்மா போனை நீட்டினார். அந்த இங்கிலீஷுக்கு நான்தான் அர்த்தம் சொன்னேன். பாப்பக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமாச்சுங்க சாமி" என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டே தடவைதான் சொன்னார். அதைக் கேட்ட நிம்மியின் முகம் வெளுத்தது. இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். நினைத்திருந்தாலும் விட்டிருப்பாள் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

சுப்பையா முரளிதரனுக்குப் போன் செய்து கத்தப் போனான். நிம்மி தடுத்தாள். "நாளைக்கு வரச் சொல்லுங்கண்ணே, ஒப்பந்தம் போடத்தான். சாப்பாட்டு நேரத்துக்கு. ஒண்ணும் தெரியாத மாதிரி. பதில் எழுதுற உரிமையை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுங்க."

சனிக்கிழமை ஒரு மணிக்கு முரளிதரன் காகிதக்கட்டோடு வந்தான். கல்லாவுக்கு எதிர் மேஜையில் நானே உட்கார வைத்தேன். இலை போட்டு, களியும் நாட்டுக்கோழிச் சாறும் வைத்தார் கரியப்பன். அவன் போனை இலைக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். நிம்மி எனக்குப் பின்னால் நின்று, அவன் எழுதின மூன்று பதிலையும் அழித்தாள். காலையிலேயே பாப்பக்காவிடம் வாசித்துக் காட்டிய புதுப் பதில்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

முதலாவது இது. "சாமி, திங்கட்கிழமை எங்க அடுப்பே எரியாது, அது மாதப்பன் நாள். ஆனாலும் நீங்க எங்கேயோ கெட்ட கறி தின்னு கஷ்டப்பட்டிருக்கீங்க. வயிறு இப்போ பரவாயில்லையா? எந்த ஓட்டல்னு ஒருக்கா ஞாபகப்படுத்திப் பாருங்க. செவ்வாய்க்கிழமை இங்க வாங்க, கண்ணு முன்னால ஆக்கிப் போடறேன். பாப்பம்மா." மற்ற இரண்டும் வேறு வேறு வார்த்தையில் இதே அன்போடு. ஒரு சுடுசொல் கிடையாது. படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இப்ப என்னடி?" என்றேன் மெதுவாக.

"ஓட்டல்காரங்க பதில் எழுதினா, விமர்சனம் எழுதினவங்களுக்குத் தகவல் போகும். உடனே போகாது. அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். இன்னொரு களி வைக்கச் சொல்லுங்க."

கரியப்பன் இன்னொரு களி வைத்தார். முரளிதரன் கைமா உருண்டையும் கேட்டான். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். போன் டிங் என்றது. திரையில் எங்கள் ஓட்டல் பெயர். 'உங்கள் விமர்சனத்துக்கு உரிமையாளர் பதிலளித்துள்ளார்.' அவன் இடது கையால் அவசரமாக அதைத் தள்ளிவிட்டான். நான் தண்ணீர் ஊற்றினேன். டிங். இன்னொரு பெயருக்கு. அவன் போனைக் கவிழ்த்தான். மூன்றாவது டிங் கேட்டதும் நான் அதை எடுத்துச் சுப்பையா கையில் கொடுத்தேன்.

"பாரு சுப்பையா, சாரோட கம்பெனியே நம்ம ஓட்டல்ல திங்கட்கிழமை மட்டன் தின்னுருக்கு போல" என்றேன். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

முரளிதரன் எச்சில் கையோடு எழுந்தான். ஆபீசில் யாரோ செய்திருக்கிறார்கள், டெஸ்ட் அக்கவுண்ட், விசாரிக்கிறேன் என்று என்னென்னவோ உளறினான். பாப்பக்கா அடுப்படியிலிருந்து வந்தார்.

"உக்காரு சாமி. சாப்பாட்டுல பாதியில எந்திரிக்கக் கூடாது. தின்னு முடி."

தின்றான். முப்பது பேர் பார்க்க, கடைசி உருண்டை வரைக்கும் தின்றான். கை கழுவி வந்ததும் சுப்பையா தன் போனை அவன் வாய்க்கு நேரே பிடித்தான். லிங்கம்மாவின் ஊர்க்காரர் குழுவுக்குக் குரல் பதிவு.

"நடந்த சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்…" என்று ஆரம்பித்தான்.

"ஆரு எழுதிக் குடுத்தது இது? உன்ற வாயால சொல்லு" என்றார் பாப்பக்கா.

அவனுக்கு வரவில்லை. வாய் திறந்தால் அதே பாட்டுத்தான் வந்தது. வியர்த்துக் கொட்டியது. அப்போது நிம்மி கல்லாவைச் சுற்றி வந்து அவன் எதிரில் நின்றாள்.

"திரும்பச் சொல்லுங்க சார்."

சொன்னான்.

"இல்ல சார். இன்னொரு தடவை."

பதினொரு தடவை. நான்தான் எண்ணினேன், வாய்விட்டு. பதினொன்றாவது தடவைதான் மனுஷன் பேசுகிற மாதிரி வந்தது. "நான்தான் பொய்யா எழுதினேன். இவங்க திங்கட்கிழமை கறி ஆக்கினதே இல்லை. என்னை மன்னிச்சிடுங்க." அழுகிற குரல். சுப்பையா அனுப்பினான். முரளிதரன் காகிதக்கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதில்தான் அன்று மீந்த எலும்பை மடித்து நாய்க்குப் போட்டேன்.

நாலு மணிக்குப் பாப்பக்கா நிம்மியைக் கூப்பிட்டார். வெற்றிலை போடவில்லை.

"அந்த மூணும் எப்ப வந்தது?"

"போன வாரம்."

"எனக்கு ஏன் வாசிச்சுக் காட்டுல?"

நான் குறுக்கே விழுந்தேன். "அக்கா, அவன் இவளைப் படுத்தின பாடு உங்களுக்குத் தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாளா…"

"நீ சும்மாரு ஜூடித்து." பாப்பக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவன் பொய் எழுதுனான். நீ தெரிஞ்சே மூடி வெச்சே. என்ற சோமவாரத்த ரெண்டு பேருஞ் சேந்துதான் தின்னீங்க கண்ணு."

அவர் கத்தியிருந்தால் நிம்மி தாங்கியிருப்பாள். கத்தவில்லை. நிம்மி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வரட்டுமா அக்கா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

"முதல்ல எழுது. அந்தக் குரூப்புக்கு. என்ற பேர்ல வேண்டாம், உன்ற பேரு போட்டு எழுது. எழுதி வாசி."

மூன்று வருடம் இன்னொருத்தர் குரலில் மன்னிப்பு எழுதினவளுக்குத் தன் குரலில் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசித்தாள். "அந்தப் பொய்யை நான் முதலிலேயே பார்த்தேன். பாப்பம்மா அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் முன்பு எனக்குச் செய்த…"

"ஆனாலுக்கு அப்பறம் இருக்கறதயெல்லாம் எடு" என்றார் பாப்பக்கா.

எடுத்தாள். இரண்டு வாக்கியம் மிஞ்சியது. "அது என் தப்பு" என்று ஒன்றைச் சேர்த்தாள். கீழே நிம்மி என்று போட்டு அனுப்பினாள். பாப்பக்கா அப்புறம்தான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, கூட்டம் வரும். நேரத்துல வந்துரு" என்றார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "வருத்தமா இருக்காடி?" என்று கேட்டேன்.

"பாப்பக்கா தரையில உட்கார்ந்தாங்களே, அதுக்கு இருக்கு. அதைச் சர்ச்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்போ சாமியார்கிட்ட சொல்லுவேன்." பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அந்தக் கால் சென்டர் வேலை போனதிலிருந்து முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். "அவன் போன் மூணு தடவை அடிச்சுது பாருங்க ஜூடிக்கா, அந்தச் சுகத்தை மட்டும் சாகுற வரைக்கும் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்."